2.5 வந்தால் என்ன செய்வது? மைய அணுவின் இலத்திரன் சோடிகளை எண்ணும் மூன்று வழிகள்

HCN இல் காபனின் கலப்பாக்கம் என்ன என்று கேட்டால் உயர்தர இரசாயனவியல் மாணவர் யாரும் யோசிக்காமல் sp என்று சொல்லிவிடுவார். மும்மைப் பிணைப்பு கண்ணுக்குள் நிற்கிறது. அதே மாணவரிடம் வகுப்பில் பழகிய சூத்திரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காபனின் 4, ஐதரசனின் 1, கூட்டினால் 5, பாதியாக்கினால் 2.5. NO₂ செய்த அன்று "அரை வந்தால் மேலே கூட்டி எடுக்க" என்று கொப்பியில் எழுதி அடிக்கோடும் இட்டிருப்பார். அந்தக் குறிப்பை நம்பினால் விடை 3, அதாவது sp². விடை தெரிந்த மூலக்கூறு என்பதால் HCN இல் தப்பிவிடலாம். தெரியாத ஒன்று பரீட்சைத் தாளில் வரும்போது யாரும் தப்புவதில்லை.

யாழ்ப்பாணத்தில் பாடசாலையில் ஒரே வாங்கில் இருக்கிற இருவர் பின்னேரம் இரண்டு வேறு ரியூசனுக்குப் போவது வழமை. ஒருவர் "அரைச் சூத்திரம்" படிப்பார், மற்றவர் "எட்டால் பிரிக்கிற முறை" படிப்பார். பாடசாலை ஆசிரியரோ லூயி கட்டமைப்பை வரையாமல் எதையும் எழுத விடமாட்டார். மூன்றும் ஒரே எண்ணைத் தேடுகிற வழிகள்தான். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் பிழைப்பதில்லை. எந்தக் கேள்விக்கு எதை எடுக்கலாம் என்று தீர்மானிக்க, ஒவ்வொன்றும் ஏன் சரிவருகிறது என்பது தெரியவேண்டும்.

தேடுகிற எண் எது

மைய அணுவைச் சுற்றியுள்ள σ பிணைப்புகளின் எண்ணிக்கையையும் அந்த அணுவிலுள்ள தனிச்சோடிகளின் எண்ணிக்கையையும் கூட்டி வருவதுதான் தேடுகிற எண். π பிணைப்புச் சோடிகள் இதில் சேரா. இரட்டைப் பிணைப்போ மும்மைப் பிணைப்போ, அது ஒரே திசையில் ஒரே அணுவை நோக்கித்தான் நீட்டி நிற்கிறது. வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கைக்கு வேண்டியது எத்தனை திசைகள் என்பது மட்டுமே. அந்த எண் 2 என்றால் நேர்கோடு, sp. 3 என்றால் தள முக்கோணம், sp². 4 என்றால் நான்முகி, sp³. 5 முக்கோண இருகூம்பகத்தையும் 6 எண்முகியையும் தரும்.

லூயி கட்டமைப்பை வரைந்து எண்ணுவதுதான் மூலமுறை. SO₃²⁻ ஐ எடுத்தால் வலுவளவு இலத்திரன்கள் 6 + 18 + 2 = 26, அதாவது 13 சோடிகள். மூன்று σ பிணைப்புக்கு மூன்று சோடி போக 10 மிச்சம். ஒட்சிசன் ஒவ்வொன்றுக்கும் மூன்றாக 9 வைத்தால், எஞ்சும் ஒரு சோடி கந்தகத்தில் அமரும். 3 σ, 1 தனிச்சோடி, மொத்தம் 4. ஏற்றங்களைக் குறைப்பதற்காக S=O இரட்டைப் பிணைப்பு ஒன்றை வரைந்தாலும் இந்த 4 மாறாது. மாறுவது π மட்டும். "எந்தக் கட்டமைப்பு சரி, ஒற்றைப் பிணைப்பா இரட்டைப் பிணைப்பா" என்று மாணவர்கள் பிடிக்கும் சண்டைக்கு, மைய அணுவின் வடிவத்தைப் பொறுத்தவரை தேவையே இல்லை.

இந்த முறையின் குறை நேரம்தான். முதலாம் பத்திரத்தில் 50 வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. ஐந்து இனங்களைத் தந்து "வேறுபட்டது எது" என்று கேட்டால் ஐந்து லூயி கட்டமைப்புகளை வரைந்து முடிப்பதற்குள் அடுத்த வினாவின் நேரமும் போய்விடும். குறுக்குவழிகள் பிறந்தது இதனால்தான்.

அரைச் சூத்திரம், அதற்குள் ஒளிந்திருக்கும் குழி

வகுப்புகளில் எழுதப்படும் வடிவம் இது:

சோடிகள் = ½ (மைய அணுவின் வலுவளவு இலத்திரன் + ஒற்றை வலுவளவு அணுக்களின் எண்ணிக்கை − நேரேற்றம் + மறையேற்றம்)

ஐதரசனும் அலசன்களும் ஒன்றுக்கு 1 என்று கணக்கில் வரும். ஒட்சிசன் 0. NH₄⁺ க்கு ½(5 + 4 − 1) = 4. XeF₄ க்கு ½(8 + 4) = 6. ClO₃⁻ க்கு ½(7 + 1) = 4. வேகமானது, எழுத இடமும் அதிகம் வேண்டாம்.

ஒட்சிசன் ஏன் 0 என்று கேட்டால் பலரும் "அப்படித்தான் சேர் சொன்னவர்" என்பார்கள். காரணத்தைப் பார்த்தால் HCN இன் 2.5 எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்தே விளங்கும். ஓர அணு ஒன்று எட்டை நிரப்ப n இலத்திரன்கள் வேண்டும் என்று வையுங்கள். அது மைய அணுவோடு n பிணைப்புகளை ஆக்கும். அதில் ஒன்று σ. அந்த σ சோடிக்கு ஓர அணு 1 இலத்திரனைக் கொண்டுவருகிறது, ஆகவே +1. மிச்சமான (n − 1) பிணைப்புகள் π. ஒவ்வொரு π பிணைப்புக்கும் மைய அணு தன் இலத்திரன் ஒன்றை இழக்கிறது. அந்த இலத்திரன்கள் நம் எண்ணிக்கையில் வரக்கூடாது. ஆகவே −(n − 1). இரண்டையும் சேர்த்தால் ஓர் ஓர அணுவின் பங்கு 2 − n.

அலசனுக்கும் ஐதரசனுக்கும் n = 1, பங்கு +1. ஒட்சிசனுக்கும் ஓரத்திலுள்ள கந்தகத்துக்கும் n = 2, பங்கு 0. நைதரசனுக்கு n = 3, பங்கு −1. வகுப்புச் சூத்திரத்தில் இந்தக் கடைசி வரி இல்லை. நைதரசன் ஓரத்தில் வரும் இடமெல்லாம் அந்தச் சூத்திரம் ஒன்றைக் கூட எண்ணிவிடுகிறது. பாதியாக்கும்போது அந்த ஒன்றுதான் அரையாகி நிற்கிறது.

ஒட்சிசனை ஈதற் பிணைப்பாக வரைபவருக்கும் இதே 0 தான் வரும். மைய அணு இரண்டு இலத்திரனையும் தானே கொடுக்கிறது, ஒட்சிசன் எதுவும் கொண்டுவரவில்லை, π இல்லை. இரு வழியாலும் ஒரே விடை வருவதால்தான் சல்பேற்று, பொசுபேற்று, பேர்குளோரேற்று எல்லாவற்றிலும் சூத்திரம் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்கிறது.

திருத்திய சூத்திரத்தை ஒரு பல்தேர்வு வினாவில் போட்டுப் பார்ப்போம். NO₂⁺, SCN⁻, HCN, N₂O, NO₂⁻ என்று ஐந்து இனங்கள். மைய அணுவின் கலப்பாக்கத்தில் வேறுபடுவது எது? வகுப்புச் சூத்திரம் வரிசையாக 2, 2.5, 2.5, 2.5, 3 என்று தரும். அரையைக் கூட்டி எடுப்பவருக்கு NO₂⁺ மட்டும் தனித்து நிற்கும். அதை விடையென்று நிழற்றிவிடுவார். ஓர நைதரசனுக்கு −1 போடுங்கள். NO₂⁺ : 5 − 1 = 4, பாதி 2. SCN⁻ : காபன் 4, கந்தகம் 0, நைதரசன் −1, மறையேற்றம் +1, மொத்தம் 4, பாதி 2. HCN : 4 + 1 − 1 = 4, பாதி 2. N₂O : நடு நைதரசன் 5, ஓர நைதரசன் −1, ஒட்சிசன் 0, மொத்தம் 4, பாதி 2. NO₂⁻ : 5 + 1 = 6, பாதி 3. வேறுபடுவது NO₂⁻. பிழையான விடைக்கும் சரியான விடைக்கும் இடையில் இருந்தது அந்த −1 மட்டுமே.

இனி உண்மையான அரை. NO₂ க்கு 5 இன் பாதி 2.5. இங்கே ஓர நைதரசன் இல்லை; கணக்கில் எதுவும் விடுபடவுமில்லை. மூலக்கூறின் மொத்த வலுவளவு இலத்திரன்கள் 17, ஒற்றை எண். சோடி சேராத இலத்திரன் ஒன்று நைதரசனில் உண்மையாகவே நிற்கிறது. அதற்கும் ஒரு திசை கொடுத்து 3 என்று எடுக்கிறோம். ஒற்றை இலத்திரன் தனிச்சோடியைவிட மெல்லத் தள்ளும். அதனால்தான் NO₂ இன் கோணம் 134° அளவுக்கு விரிந்து நிற்க, முழுத் தனிச்சோடி உள்ள NO₂⁻ இல் அது 115° ஆகச் சுருங்குகிறது.

ஆகவே அரை வந்தால் செய்யவேண்டிய முதல் வேலை மேலே கூட்டுவதல்ல, மொத்த இலத்திரன்களை எண்ணுவது. மொத்தம் ஒற்றை எண் என்றால் அரை உண்மை, மேலே கூட்டலாம். இரட்டை எண் என்றால் கணக்கில் ஏதோ தவறியிருக்கிறது. HCN இன் மொத்தம் 10. அங்கே அரை வர வழியே இல்லை.

எட்டால் பிரிப்பதா, எட்டைக் கழிப்பதா

மூன்றாவது வழி மூலக்கூறு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிறது. மொத்த வலுவளவு இலத்திரன்களை 8 ஆல் பிரித்து, ஈவோடு மீதியின் பாதியைக் கூட்டவேண்டும். ICl₄⁻ க்கு 7 + 28 + 1 = 36; ஈவு 4, மீதி 4; ஆகவே 4 + 2 = 6. I₃⁻ க்கு 22; ஈவு 2, மீதி 6; ஆகவே 2 + 3 = 5. ஓர நைதரசன் இங்கே தொல்லையே தராது. SCN⁻ இன் 16 ஐ எட்டால் பிரித்தால் மீதியின்றி 2. அரைச் சூத்திரம் தடுக்கிய இடத்தில் இது ஓடித் தாண்டிவிடும்.

ஆனால் தண்ணீரில் விழுந்துவிடும். H₂O வின் மொத்தம் 8. ஈவு 1, மீதி 0. விடை 1 என்று வருகிறது. இதற்காக "ஐதரசன் மட்டும் இருந்தால் 2 ஆல் பிரி" என்று இன்னொரு விதியையும் கொப்பியில் எழுதவேண்டியிருக்கிறது. விதிக்குமேல் விதி சேர்வதே, முதல் விதியின் காரணம் பிடிபடவில்லை என்பதற்கு அடையாளம்.

காரணம் எளியது. ஐதரசன் தவிர்ந்த ஒவ்வோர் ஓர அணுவும் கடைசியில் தன்னைச் சுற்றி எட்டு இலத்திரன்களை வைத்திருக்கும். மையத்தோடு பகிர்ந்த பிணைப்புச் சோடிகளும் அந்த எட்டுக்குள் அடக்கம். மொத்தத்திலிருந்து அந்த எட்டுகளை எடுத்துவிட்டால் எஞ்சுவது மைய அணுவில் மட்டும் இருப்பது. எனவே பிரிக்கவே வேண்டாம். ஐதரசன் அல்லாத ஓர அணுக்கள் எத்தனையோ அத்தனை எட்டுகளைக் கழித்தால் போதும். H₂O வில் அப்படிப்பட்ட ஓர அணு இல்லை, கழிக்க ஒன்றுமில்லை, எட்டும் எஞ்சும், அது நான்கு சோடி. CH₃Cl இல் 14 − 8 = 6, மூன்று சோடி; குளோரீனின் திசையைக் கூட்டினால் 4. இப்படிச் செய்தால் ஐதரசனுக்குத் தனி விதி தேவைப்படாது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. எஞ்சும் சோடிகள் எல்லாம் தனிச்சோடிகள் அல்ல. மைய அணுவோடு நேரே பிணைந்த ஐதரசன்களின் பிணைப்புச் சோடிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. CH₃Cl இல் எஞ்சிய மூன்றும் C–H பிணைப்புகள். இதைக் கவனிக்காதவர் எங்கே அகப்படுவார் என்பதற்கு H₂SO₃, H₃PO₃ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

H₂SO₃ : 2 + 6 + 18 = 26. மூன்று ஒட்சிசனுக்கு 24 கழிந்தால் 2 எஞ்சும், ஒரு சோடி.
H₃PO₃ : 3 + 5 + 18 = 26. அதே 24 கழியும், அதே ஒரு சோடி எஞ்சும்.

இரண்டிலும் மைய அணுவுக்கு 4 சோடிகள், இரண்டும் sp³. இதுவரை பிழையில்லை. ஆனால் H₂SO₃ இல் இரண்டு ஐதரசன்களும் ஒட்சிசனில் இருக்கின்றன. எஞ்சிய சோடி கந்தகத்தின் தனிச்சோடி. வடிவம் முக்கோணக் கூம்பகம். H₃PO₃ இல் ஓர் ஐதரசன் நேரே பொசுபரசில் இருக்கிறது, எஞ்சிய சோடி P–H பிணைப்பு, வடிவம் நான்முகி. H₃PO₃ மூன்று ஐதரசன்களில் இரண்டை மட்டுமே அமிலமாக விடுவதற்குக் காரணமும் இதே P–H பிணைப்புத்தான். அந்தத் தகவலை அசேதன இரசாயனத்தில் படித்துவிட்டு, இங்கே P(OH)₃ என்று வரைந்து கூம்பகம் என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். இதில் அரைச் சூத்திரமும் கைகொடுக்காது. P(OH)₃ என்று எடுத்தால் 5 + 3, HPO(OH)₂ என்று எடுத்தாலும் 5 + 3, இரண்டிலும் 4. எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்பது தெரியாமல் எந்த எண்ணும் முறையாலும் வடிவத்தைச் சொல்ல முடியாது.

இரண்டாம் பத்திரத்து அட்டவணை: HN₃

இரண்டாம் பத்திரத்தின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில் வரும் வழமையான கேள்வி வேறு விதமானது. ஒரு சங்கிலியில் அணுக்களுக்கு இலக்கமிட்டு, குறித்த அணுக்களைச் சுற்றியுள்ள சோடிகள், இலத்திரன் சோடிக் கேத்திரகணிதம், வடிவம், கலப்பாக்கம் என்று நான்கு வரிசைகளை நிரப்பச் சொல்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மைய அணுக்கள் உள்ள இடத்தில் மொத்தத்திலிருந்து எட்டைக் கழிக்கும் முறையால் எல்லா அணுக்களையும் பிரித்துப் பார்க்க முடியாது. அரைச் சூத்திரம் பயன்படலாம், ஆனால் பக்கத்து அணுவோடு இருப்பது ஒற்றைப் பிணைப்பா இரட்டைப் பிணைப்பா என்று முன்பே தெரிந்திருக்கவேண்டும். அது தெரிவதற்கு லூயி கட்டமைப்பை வரைந்திருக்கவேண்டும். வரைந்துவிட்டால் பிறகு சூத்திரம் எதற்கு?

H–N¹–N²–N³ என்ற வன்கூட்டைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம். வலுவளவு இலத்திரன்கள் 1 + 15 = 16, எட்டுச் சோடி. மூன்று σ பிணைப்புக்கு மூன்று போக ஐந்து மிச்சம். N³ க்கு மூன்று, N¹ க்கு இரண்டு வைத்தால் தீர்ந்துவிடும். N² வைச் சுற்றி இப்போது நான்கு இலத்திரன்கள்தான். இன்னும் இரண்டு சோடி வேண்டும். அவற்றை எங்கிருந்து எடுப்பது என்பதில் மூன்று வழிகள் உள்ளன, மூன்றும் மூன்று கட்டமைப்புகளைத் தரும்.

இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்று எடுத்தால் H–N=N=N. N¹ இல் ஒரு தனிச்சோடி, ஏற்றம் 0. N² இல் +1. N³ இல் −1. N³ இலிருந்தே இரண்டையும் எடுத்தால் H–N–N≡N. N¹ இல் இரண்டு தனிச்சோடி, ஏற்றம் −1. N² இல் +1. N³ இல் 0. N¹ இலிருந்தே இரண்டையும் எடுத்தால் H–N≡N–N. N¹ இல் தனிச்சோடியே இல்லை, ஏற்றம் +1. N² இலும் +1. N³ இல் −2.

இப்போது N¹ ஐச் சுற்றி எண்ணுங்கள். முதலாவதில் 2 σ, 1 தனிச்சோடி, 3. இரண்டாவதில் 2 σ, 2 தனிச்சோடி, 4. மூன்றாவதில் 2 σ மட்டும், 2. ஒரே அணு, மூன்று கட்டமைப்புகள், sp², sp³, sp என்று மூன்று விடைகள். N² வுக்கு எந்தக் கட்டமைப்பிலும் 2 தான், sp தான்.

மூன்றாவதை ஒதுக்குவது சுலபம். பக்கத்துப் பக்கத்து அணுக்களில் ஒரே வகை ஏற்றம், கூடவே −2. முதல் இரண்டுக்கும் இடையில் தெரிவது அவ்வளவு சுலபமல்ல. இரண்டிலும் +1 உம் −1 உம் அடுத்தடுத்த அணுக்களில் இருக்கின்றன. எல்லாம் நைதரசன் என்பதால் மின்னெதிர்த்தன்மையும் உதவாது. அளந்த பிணைப்பு நீளங்களைப் பார்த்தால் காரணம் புரியும். N¹–N² ஏறத்தாழ 124 பிக்கோமீற்றர், N²–N³ ஏறத்தாழ 113 பிக்கோமீற்றர். N₂ இன் மும்மைப் பிணைப்பு 110 அளவு. ஆகவே இரண்டாவது பிணைப்பு மும்மைக்குக் கிட்டவும் முதலாவது இரட்டைக்குக் கிட்டவும் நிற்கிறது. இரண்டு கட்டமைப்புகளும் உண்மையான மூலக்கூறில் பங்கு வைத்திருக்கின்றன.

அட்டவணையை நிரப்பும்போது செய்யவேண்டியது, கேள்வியில் தரப்பட்ட அல்லது அதன் முன்பகுதியில் நீங்கள் தெரிந்த கட்டமைப்பை மட்டும் பார்த்து எண்ணுவது. H–N=N=N ஐ வைத்து:

| | N¹ | N² |
|---|---|---|
| சோடிகள் | 3 | 2 |
| இலத்திரன் சோடிக் கேத்திரகணிதம் | தள முக்கோணம் | நேர்கோடு |
| வடிவம் | கோண வடிவம் | நேர்கோடு |
| கலப்பாக்கம் | sp² | sp |

முன்பகுதியில் இரண்டாவது கட்டமைப்பைத் தெரிந்துவிட்டு அட்டவணையில் sp² என்று எழுதினால், தன் விடையோடு தானே முரண்படுவதாகிவிடும். இங்கே ஆறுதலான விடயம் ஒன்றுண்டு: எந்தப் பக்கம் சாய்ந்தாலும் N¹ இல் வடிவம் கோண வடிவம்தான். அளந்த H–N–N கோணம் 110° ஐ அண்டியே இருக்கிறது. கலப்பாக்கம் நாம் வரைந்த படத்தோடு ஒட்டியது. கோணம் மூலக்கூறோடு ஒட்டியது.

எண்ணிய பிறகு நடக்கும் பிழை

அட்டவணையில் அதிகம் புள்ளி போவது எண்ணும்போது அல்ல, இரண்டாம் வரிசையையும் மூன்றாம் வரிசையையும் மாற்றி எழுதும்போது. இலத்திரன் சோடிக் கேத்திரகணிதத்துக்கு எல்லாச் சோடிகளும் வேண்டும்; வடிவத்துக்கு அணுக்கள் இருக்கும் இடங்கள் மட்டும். ClF₃ இல் 7 + 3 = 10, ஐந்து சோடி. கழித்துப் பார்த்தாலும் 28 − 24 = 4, இரண்டு தனிச்சோடி; மூன்று பிணைப்போடு ஐந்து. கேத்திரகணிதம் முக்கோண இருகூம்பகம். வடிவத்துக்கு வரும்போது மூன்று அணுக்கள் என்றவுடன் கை தானாகத் தள முக்கோணம் என்று எழுதப் பார்க்கும். அப்படி எழுதினால் தனிச்சோடிகள் இரண்டையும் மேலும் கீழும் வைத்ததாக அர்த்தம். அச்சில் உள்ள தனிச்சோடிக்கு 90° இல் மூன்று அயல் சோடிகள். நடுத்தளத்தில் உள்ளதற்கு இரண்டுதான். தனிச்சோடி கூடுதலாகத் தள்ளுவதால் நெரிசல் குறைந்த நடுத்தளத்தைப் பிடிக்கிறது. எஞ்சும் மூன்று இடங்கள் T வடிவத்தைத் தரும். அளந்த கோணமும் 90° க்குச் சற்றுக் கீழே, 87.5°.

5, 6 சோடிகளுக்கு sp³d, sp³d² என்று எழுதுவது பழைய வழக்கம். கேட்டால் எழுதலாம். d ஒபிற்றல்களின் பங்கு அவற்றில் மிகச் சிறிது என்பதே இன்றைய கணிப்புகளின் முடிவு என்பதால், கேட்காத இடத்தில் கேத்திரகணிதத்தோடு நிறுத்துவது நல்லது.

எதை எடுப்பது

முதலாம் பத்திரத்தில் ஒற்றை மைய அணு உள்ள இனங்களுக்கு 2 − n திருத்தத்தோடு அரைச் சூத்திரமே முதல் தெரிவு. எட்டைக் கழிக்கும் முறையைச் சரிபார்க்க வைத்திருக்கலாம். இரண்டும் வேறு வேறு காரணத்தில் நிற்பதால் ஒன்றில் விட்ட பிழை மற்றதில் அப்படியே திரும்பி வருவது அரிது. எட்டால் பிரிக்கும் பழைய வடிவத்தை மட்டும் நம்பியிருப்பவர் அதைக் கழித்தலாக மாற்றிக்கொள்வது மேல். இரண்டாம் பத்திரத்தில் லூயி கட்டமைப்பைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. அங்கே கட்டமைப்புக்கே புள்ளி உண்டு, ஆகவே வரைந்த நேரம் வீணாவதுமில்லை.

மூன்று வழியும் சேர்ந்தே கைவிடும் இடங்களும் இருக்கின்றன. NH₃ க்கும் PH₃ க்கும் எண்ணிக்கை ஒன்றுதான், 4. NH₃ இன் கோணம் 107°. PH₃ இன் கோணம் 93.5°. பொசுபரசின் பிணைப்புகள் ஏறக்குறைய தூய p ஒபிற்றல்களால் ஆனவை போல நடந்துகொள்கின்றன. H₂S உம் அப்படியே, 92° அளவு. வடிவத்தின் பெயர் சரியாக வரும், ஆனால் "109.5° க்குச் சற்றுக் குறைவு" என்று கோணத்தை ஊகித்து எழுதினால் மாட்டிக்கொள்ள நேரிடும். தாண்டல் உலோகச் சிக்கல் அயன்களுக்கு இந்த எண்ணலைக் கொண்டுபோகவே கூடாது. [Ni(CN)₄]²⁻ சதுரத்தளம், [NiCl₄]²⁻ நான்முகி. இரண்டிலும் நிக்கலைச் சுற்றி நான்கு இணையிகள், நிக்கலும் அதே +2. அங்கே வடிவத்தைத் தீர்மானிப்பது d இலத்திரன்கள் எப்படி நிரம்புகின்றன என்பது.